அப்பா “எனக்கு எதுவும் வேண்டாம்” என்கிறார். அதற்கு என்ன அர்த்தம், யார் முடிவெடுப்பது?

மழைக்குருவி (இழையைத் தொடங்கியவர்)

அப்பாவுக்கு 79 வயது, அம்மாவுக்கு 74. அப்பாவுக்கு இதயம் பலவீனமா இருக்கு. இரண்டு தடவை மூச்சுத்திணறலோட ஆஸ்பத்திரியில சேர்த்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அம்மாவுக்கு ஞாபக மறதி, ஆரம்ப நிலைன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நாங்க மூணு பேர். அண்ணன் அவங்ககூடவே இருக்கார், நான் நடுவுல, தம்பி வெளிநாட்டில.

பேச்சை எடுத்தாலே அப்பா ரெண்டே வரியில முடிச்சுடறார். “உயில் எப்பவோ எழுதியாச்சு. எனக்கு ஏதாவது ஆனா எதுவும் வேண்டாம், நிம்மதியா விட்டுடுங்க.” அந்த உயிலை நாங்க யாரும் பார்த்ததில்லை. “எதுவும் வேண்டாம்”னா எது வேண்டாம்? போன தடவை முகத்துல மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் கொடுத்ததாலதான் எழுந்து உட்கார்ந்தார். அதுவும் வேண்டாம்னு அர்த்தமா? டாக்டர் எங்களைக் கேட்டா மூணு பேரும் மூணு பதில் சொல்லுவோம்னு பயமா இருக்கு. எப்படிப் பேச்சைத் தொடங்கறதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ராஜபாட்டை

உயில் இருக்குன்னு அப்பாவே சொல்லிட்டாரே, பெரிய பாரம் இறங்கின மாதிரிதான். இனிமே செய்ய வேண்டியது ரெண்டுதான் சகோதரி. பேங்க் கணக்குல எல்லாம் நாமினி போட்டிருக்கான்னு பாருங்க. கூட இருக்கற அண்ணன் பேர்ல ஒரு பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிடுங்க. நாளைக்கு அப்பா படுத்துட்டாலும் அந்தப் பத்திரத்தைக் காட்டி ஆஸ்பத்திரி விஷயம், பண விஷயம் எல்லாத்தையும் அண்ணன் பார்த்துக்கலாம். நாங்க அப்படித்தான் செய்து வைத்திருக்கோம்.

பத்திரஎழுத்து

நண்பர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி இருந்தால் சரியாகத் தேவைப்படும் நாளில் கைவிடும். உயில், அதிகாரப் பத்திரம், பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் மருத்துவ விருப்ப ஆவணம், இந்த மூன்றும் வெவ்வேறு காலத்துக்கானவை.

உயில் ஒருவர் இறந்த பிறகுதான் பேசத் தொடங்கும். அவர் உயிரோடு ஐசியுவில் இருக்கும்போது அதில் எழுதியிருப்பது எதற்கும் உதவாது. “எனக்கு வென்டிலேட்டர் வைக்காதீர்கள்” என்று உயிலில் எழுதி உறை போட்டு ஒட்டி வைத்த பெரியவர்கள் உண்டு. உறையைப் பிரிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்தால் முடிந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று: சாதாரண அதிகாரப் பத்திரம் பல நாடுகளில், எழுதிக் கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் நிலையை இழந்தாலும் செல்லாது. இந்தியாவில் நிலைமை இதுதான். இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற இடங்களில் நினைவு தப்பிய பிறகும் தொடரும் வகையான பத்திரம் தனியாக இருக்கிறது. அதை நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். எனவே “அப்பா படுத்துட்டாலும் அண்ணன் பார்த்துக்கலாம்” என்பதை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்வியாகவே கேளுங்கள்: அப்பாவுக்குச் சுயநினைவு இல்லாதபோது இந்தப் பத்திரம் செல்லுமா?

நாமினியும் அப்படித்தான். சில நாடுகளில் கணக்கில் பெயர் உள்ளவருக்கே பணம் சொந்தம், உயில் அதைத் தொட முடியாது. இந்தியாவில் வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை நாமினி பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவே. எந்தச் சட்டமானாலும் நாமினி ஒருவர், உயிலில் வேறொருவர் என்று இருந்தால் சண்டை நிச்சயம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவர் அப்பா.

தனிமரம்

உயில்னாலே எனக்கு வயிறு கலங்குது. எங்க வீட்ல அப்பா எழுதின உயில்ல சாட்சிக் கையெழுத்து போட்டது என் தங்கச்சி வீட்டுக்காரர். தங்கச்சிக்குத்தான் வீடு. இன்னைக்கு வரைக்கும் கோர்ட்ல நிக்கறோம். அப்பா இஷ்டப்பட்டுத்தான் எழுதினாரா, இவங்க உட்கார வெச்சு எழுதி வாங்கினாங்களான்னு யாருக்கும் தெரியாது. மழைக்குருவி, அந்த உயிலை எப்படியாவது இப்பவே பார்த்துடுங்க. அண்ணன் கூடவே இருக்கார்னு சொல்றீங்க, எனக்கு அதுவே சரியாப் படலை.

மழைக்குருவி

உங்க வலி புரியுது அண்ணா. ஆனா நான் கேட்டது பங்கைப் பத்தி இல்லை. வீடு யாருக்குப் போனாலும் எங்களுக்குள்ள பிரச்சினை வராதுன்னு நினைக்கிறேன். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு முடிவெடுக்கறதுதான் எனக்குப் பயம்.

பத்திரஎழுத்து

தனிமரம் சொன்னதில் ஒரு விஷயம் எல்லோருக்கும் பொருந்தும். உயிலால் பலன் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்து போடக் கூடாது. பல சட்டங்களில் அந்தப் பங்கே செல்லாமல் போகும். செல்லுபடியாகும் இடத்திலும் சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்பும். அப்பா வழக்கறிஞரைப் பார்க்கப் போனால் வாசல் வரை கூட்டிப் போங்கள், அறைக்குள் பிள்ளைகள் யாரும் உட்கார வேண்டாம்.

உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கே இருக்கிறது, அதில் உள்ளபடி செய்து முடிக்க வேண்டிய நிறைவேற்றுநர் யார், அவர் உயிரோடு இருக்கிறாரா, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். பழைய உயில்களில் எழுதியவரின் நண்பரை நிறைவேற்றுநராகப் போட்டிருப்பார்கள். நண்பர் முந்திக்கொண்டு போயிருப்பார்.

இரவுப்பணி

நான் வலி தணிப்பு சிகிச்சைப் பிரிவுல ரொம்ப வருஷமா செவிலியர். “எதுவும் வேண்டாம்”ங்கறதை அநேகமா வாரத்துக்கு ஒரு பெரியவர் வாயிலயாவது கேட்கறேன். அந்த வார்த்தையை அப்படியே எழுதி வெச்சா ரெண்டு பக்கமும் தப்பாப் போகும். ஒரு டாக்டர் அதைப் படிச்சுட்டு, நாலு நாள் மருந்து கொடுத்தா சரியாகற நிமோனியாவுக்கும் வைத்தியத்தைக் குறைச்சுடலாம். இன்னொருத்தர், இதுல தெளிவா ஒண்ணுமே இல்லையேன்னு எல்லாத்தையும் செய்யலாம்.

அதனால எந்த மெஷின் வேணும், எது வேண்டாம்னு பட்டியல் போட்டுக் கேட்காதீங்க. எந்த நிலைமையில இருக்கப் பிடிக்காதுன்னு கேளுங்க. உங்க அப்பாவுக்கு இதய பலவீனம்ங்கறதால நிஜமா வரக்கூடியது என்னன்னு சொல்றேன். மறுபடி நுரையீரல்ல நீர் சேரும், மூச்சு திணறும். அப்போ முதல்ல மாஸ்க் வழியா காற்றை அழுத்திக் கொடுப்பாங்க. நிறைய பேர் ஒண்ணு ரெண்டு நாள்ல தேறிடுவாங்க. தேறலைன்னா தொண்டைக்குள்ள குழாய் போட்டு வென்டிலேட்டர் வைக்கலாமான்னு கேட்பாங்க. கேள்வி நிஜமா தொடங்கறது அங்கதான்.

அந்த இடத்துக்கு “வை”, “வைக்காதே”ன்னு ரெண்டு பதில் மட்டும் இல்லை. “மூணு நாள் வெச்சுப் பாருங்க, தேறற அடையாளம் தெரிஞ்சா தொடருங்க, இல்லைன்னா எடுத்துட்டு மூச்சுத்திணறலும் வலியும் தெரியாம மருந்து கொடுங்க”ன்னும் சொல்லலாம். எத்தனை நாள், எதை அடையாளமா எடுத்துக்கறதுன்னு டாக்டர்கிட்ட முதல் நாளே பேசி கேஸ் ஷீட்டுல எழுதச் சொல்லணும். நாள் குறிக்காம வெச்சுட்டா, எடுக்கற நாள் வரவே வராது. ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் புதுசா குற்ற உணர்ச்சியோட நிப்பாங்க. இன்னொண்ணு, அப்படி எடுத்துடறதுக்கான சட்ட நடைமுறை ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவுல உச்ச நீதிமன்றம் 2018ல் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏத்துக்கிட்டுச்சு. நடைமுறை கஷ்டமா இருந்ததால 2023ல் எளிமையாக்கினாங்க. இப்போ ரெண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் முன்னால கையெழுத்து போதும். மத்த நாடுகள்ல இருக்கறவங்க உங்க ஆஸ்பத்திரியிலயே படிவம் கேளுங்க.

பேச்சைத் தொடங்கறதுக்கு: அப்பா வயசுல இருக்கற யாரும் ஒரு சாவையாவது கிட்ட இருந்து பார்த்திருப்பாங்க. கூடப் பிறந்தவர், நண்பர், யாரோ ஒருத்தர். அவரைப் பத்திக் கேளுங்க. “அவரோட கடைசி நாட்கள்ல எது உங்களுக்குச் சரியாப் பட்டுச்சு, எது வேண்டாம்னு பட்டுச்சு?” இதுக்குப் பதில் சொல்லாத பெரியவரை நான் அதிகமாப் பார்த்ததில்லை. தன்னைப் பத்திப் பேசறதைவிட இது சுலபம், ஆனா பேசறது தன்னைப் பத்தித்தான். ஒரு விஷயம் வெளியில வந்ததும் நிறுத்திடுங்க. உயில், நாமினி எதையும் அதே நாள்ல கலக்காதீங்க. கலந்தா, “ஓ, இதுக்குத்தானா”ன்னு முகம் மாறிடும்.

மூத்தவன்

எல்லோரும் சொல்வதைப் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெற்றவர் முன்னால் உட்கார்ந்து “நீங்கள் போகும்போது எப்படிப் போக வேண்டும்” என்று கேட்பது எவ்வளவு கொடுமை என்று நினைத்துப் பார்த்தீர்களா? என் அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூத்த மகனாக நான் முடிவெடுத்தேன், தம்பிகள் ஏற்றார்கள். கூடவே இருக்கும் பிள்ளைக்குத்தான் பெற்றவர் மனசு தெரியும். மழைக்குருவியின் அண்ணன் பொறுப்பில் விட்டுவிடுவதே முறை.

இரவுப்பணி

மூத்தவன் அண்ணா, நீங்க முடிவெடுத்தபோது தம்பிகள் கூட நின்னது பெரிய பலம். எல்லா வீட்லயும் அது அமையறதில்லை.

ஆனா, கூட இருக்கறவருக்கு மனசு தெரியும்ங்கறதை அளந்தே பார்த்திருக்காங்க. நோயாளிகிட்ட ஒரு சூழ்நிலையைச் சொல்லி பதில் வாங்கிட்டு, அதே கேள்வியை அவருக்காக முடிவெடுக்கப் போற உறவினர்கிட்ட தனியாக் கேட்பாங்க. அப்படிச் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2006ல் ஒரு அறிக்கை வந்துச்சு. மூணுல ரெண்டு தடவைதான் உறவினர் சொன்னது நோயாளி சொன்னதோட ஒத்துப் போச்சு, 68 சதவீதம்.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். முன்னாடியே பேசியிருந்தவங்ககூட அந்தக் கணிப்புல அவ்வளவாத் தேறலைன்னு அதே அறிக்கை சொல்லுது. அப்போ எதுக்குப் பேசணும்? ஆஸ்திரேலியாவுல 80 வயசுக்கு மேல உள்ளவங்ககிட்ட, பயிற்சி பெற்ற ஒருத்தர் குடும்பத்தை வெச்சுக்கிட்டு முறையாப் பேசி எழுதி வெச்சாங்க. 2010ல் முடிவு வெளியாச்சு. அப்படிப் பேசினவங்கள்ல இறந்துபோனவங்களோட கடைசி விருப்பம் தெரிஞ்சு நிறைவேறினது 86 சதவீதம் பேருக்கு. பேசாதவங்கள்ல 30 சதவீதம். அப்புறம் பிள்ளைகளுக்கு வந்த மனச்சோர்வும் பதற்றமும் பேசின வீடுகள்ல குறைவு. எனக்குப் புரிஞ்ச வரைக்கும், ஒவ்வொரு சூழ்நிலைக்கும் பதிலை மனப்பாடம் பண்றதால பலன் இல்லை. அவர் எதுக்காக வாழறார்னு தெரிஞ்சுக்கறதும், யார் பேசணும்னு அவரே சொல்லி மத்தவங்க கேட்டிருக்கறதும்தான் உதவுது.

அதனால அப்பாகிட்ட கேட்க வேண்டிய ரெண்டாவது கேள்வி: “உங்களால பேச முடியாத நேரத்துல டாக்டர் யாரைக் கேட்கணும்?” ஒரே ஒரு பேர் வேணும், அவர் கிடைக்கலைன்னா இன்னொரு பேர். மூணு பேரும் சேர்ந்து முடிவெடுங்கன்னு விட்டா, ஒருத்தர் தயங்கினாலே வேலை நின்னுடும். கூட இருக்கறவரா, மூத்தவராங்கறதைவிட, ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் எடுப்பாரா, டாக்டர்கிட்ட “எனக்குப் புரியலை, திரும்பச் சொல்லுங்க”ன்னு கேட்பாரா, தனக்குப் பிடிக்காததா இருந்தாலும் அப்பா விரும்பினதைச் சொல்லுவாரான்னு பாருங்க. ரொம்பப் பாசமா இருக்கறவருக்கு அந்தக் கடைசி விஷயம் முடியாமப் போறதைப் பார்த்திருக்கேன்.

மூணாவது கேள்வியை அநேகமா யாரும் கேட்கறதில்லை. “நீங்க சொன்னதுக்குப் பொருந்தாத ஒரு நிலைமை வந்தா, நாங்க யோசிச்சு மாத்திக்கலாமா, இல்லை சொன்னதைச் சொன்னபடி செய்யணுமா?” இதுக்கு “உங்களுக்குச் சரின்னு பட்டதைச் செய்யுங்க”ன்னு ஒரு வார்த்தை கிடைச்சிருந்தா, பின்னாடி எத்தனையோ பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மழைக்குருவி

படிச்சுக்கிட்டே அழுதுட்டேன் அக்கா. அம்மா விஷயம் என்ன செய்யறது? மறதி இருக்கறதால அவங்க போடற கையெழுத்து இனிமே செல்லாதுன்னு அண்ணன் சொல்றார். அம்மாவும் எதைக் கேட்டாலும் “அப்பா சொல்றதுதான்”னு சொல்லிடறாங்க.

ராஜபாட்டை

மறதி நோய்னு சர்டிபிகேட் வந்துட்டா செல்லாதுங்க. அண்ணன் சொல்றது சரி.

பத்திரஎழுத்து

சரியல்ல. நோயின் பெயரை வைத்து யாருடைய கையெழுத்தும் தானாகச் செல்லாமல் போவதில்லை. அந்த நாளில், அந்த முடிவைப் புரிந்துகொண்டு எடுத்தாரா என்பதுதான் கேள்வி. உயில் எழுத, தன்னிடம் என்னென்ன இருக்கிறது, யாருக்கெல்லாம் எதிர்பார்ப்பு இருக்கும், தான் யாருக்குக் கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும். நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாதவருக்கும் இந்த மூன்றும் தெளிவாக இருக்கலாம்.

பிறகு யாரும் கேள்வி எழுப்பாமலிருக்க, கையெழுத்து போடும் நாளிலேயோ அதற்கு மிக அருகிலோ மருத்துவர் ஒருவர் அம்மாவிடம் தனியாகப் பேசி, கேட்ட கேள்விகளையும் அம்மா சொன்ன பதில்களையும் எழுதித் தர வேண்டும். “மனநிலை நன்றாக உள்ளது” என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் நீதிமன்றத்தில் அதிக நேரம் நிற்காது. தள்ளிப்போடாதீர்கள். அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் அவசரம்.

இரவுப்பணி

சிகிச்சை விஷயத்துலயும் அப்படித்தான். வென்டிலேட்டர், டயாலிசிஸ்னு எடைபோட முடியாதவங்ககூட “எனக்காக இவள் பேசட்டும்”னு உறுதியாச் சொல்லுவாங்க. அதுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. அம்மாகிட்ட தனியாக் கேளுங்க, அப்பா இல்லாத நேரத்துல. அவங்க தெளிவா இருக்கற வேளையைப் பாருங்க, நிறைய பேருக்குக் காலைப்பொழுது. கண்ணாடியும் காதுக்கருவியும் மாட்டியிருக்கணும். காது கேட்காம தலையாட்டறதை மறதின்னு எழுதிடறவங்க உண்டு. திடீர்னு குழப்பம் அதிகமானா சிறுநீர்த் தொற்று மாதிரி வேற காரணம் இருக்கலாம். முதல்ல அதைச் சரி பண்ணிட்டுக் கேளுங்க. கேட்டதை அவங்க வார்த்தையில திரும்பச் சொல்லச் சொல்லுங்க. இன்னொரு நாள் மறுபடி கேளுங்க. ரெண்டு தடவையும் ஒரே பதில் வந்தா அது அவங்க மனசு.

மழைக்குருவி (சில வாரங்களுக்குப் பின்)

பேசினேன். மாத்திரை டப்பாவுல அந்த வாரத்துக்கான மாத்திரையைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டிருந்தோம், நானும் அப்பாவும் மட்டும். பெரியப்பாவோட கடைசி நாட்களைப் பத்திக் கேட்டேன். அப்பா கையில இருந்த அட்டையைக் கீழ வெச்சுட்டு ரொம்ப நேரம் பேசினார். பெரியப்பாவுக்கு மெஷின் வெச்சது அப்பாவுக்குக் குறையாவே தெரியலை. கையைக் கட்டிலோட கட்டி வெச்சிருந்தாங்களாம், பக்கத்துல நின்ன அப்பாவைப் பெரியப்பாவுக்கு அடையாளம் தெரியலையாம். “என் பிள்ளைங்க முகம் எனக்குத் தெரியாதுன்னா, அதுக்கப்புறம் என்னை வெச்சுக்கிட்டிருக்காதீங்க”ன்னு சொன்னார். ஆக்சிஜன் மாஸ்க் பத்திக் கேட்டேன். “அது இருக்கட்டும், அதுலதானே போன தடவை எழுந்தேன்”னார். மூணு நாள் வெச்சுப் பார்க்கற யோசனையைச் சொன்னதும், “மூணு இல்லை, அஞ்சு நாள் பாருங்க”ன்னு பேரம் பேசினார். நாங்க இத்தனை நாள் நினைச்சதுக்கு நேர் எதிர்.

யார் பேசணும்னு கேட்டேன். என் பேரைச் சொன்னார், ரெண்டாவதா தம்பி. “உங்க அண்ணனால முடியாதும்மா, அவன் என்னை விடமாட்டான்”னார்.

இதை அப்பாவே அண்ணன்கிட்ட சொன்னார். அண்ணன் ஒண்ணும் பேசலை. அன்னைலேர்ந்து என்கிட்டயும் சரியாப் பேசறதில்லை. தினமும் குளிப்பாட்டி மருந்து கொடுக்கறது அவர், முடிவு மட்டும் நானாங்கறது அவர் மனசுல இருக்கு. அதுல நியாயமும் இருக்கு. அம்மா ரெண்டு தடவை கேட்டதுக்கும் அண்ணன் பேரைத்தான் சொன்னாங்க.

மூத்தவன்

அந்த அண்ணன் இடத்தில் நான் இருந்திருந்தால் உடைந்து போயிருப்பேன். அப்பாவின் வார்த்தையை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைக் கேட்டதால் ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரவுப்பணி

வெச்சுக்கணும்தான். ஆனா இப்போ அப்பா இருக்கார், அண்ணன் கோபத்தை அவர்கிட்டயே கேட்கலாம். அதே பேர் ஐசியு வாசல்ல தெரிஞ்சிருந்தா யார்கிட்ட கேட்பார்?

மழைக்குருவி, அப்பா சொன்னதை அவர் வார்த்தையிலயே எழுதுங்க, “பிள்ளைங்க முகம் தெரியாதுன்னா”ங்கறது உட்பட. எந்தப் படிவத்தையும்விட டாக்டருக்கு அந்த வரி உதவும். முறையான ஆவணத்தோட இணைச்சு, ஒரு பிரதி உங்ககிட்ட, ஒண்ணு தம்பிகிட்ட, ஒண்ணு இதய டாக்டரோட ஃபைல்ல. வீட்ல ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போற பையில. பேங்க் லாக்கர்ல வைக்காதீங்க. அப்பாவை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் போறது அண்ணன்தான், அதனால அந்தப் பை எங்க இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்பா அடுத்த தடவை அட்மிட் ஆகி வந்தாலும், உடம்பு வேற மாதிரி மாறினாலும் மறுபடி உட்கார்ந்து கேளுங்க. அஞ்சு நாள்ங்கறது ஒரு நாளாகலாம், பத்தாகவும் ஆகலாம்.

தனிமரம்

உயில் விஷயம் என்னாச்சு? பார்த்தீங்களா?

மழைக்குருவி

பார்க்கலை. இரும்புப் பெட்டியில இருக்காம். நிறைவேற்றுநர் அப்பாவோட ஆபீஸ் நண்பர், அவர் இறந்து ரொம்ப வருஷம் ஆகுது. அதைச் சொன்னதும் அப்பாவே “மாத்தணும்”னு சொல்லியிருக்கார். வக்கீல்கிட்ட அண்ணன் கூட்டிட்டுப் போகட்டும்னு நான் சொல்லிட்டேன். அம்மாவுக்கான டாக்டர் சந்திப்பும் அதே வாரம் கேட்டிருக்கோம். பத்திரஎழுத்து சார், அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே வக்கீல்கிட்ட போகலாமா, இல்லை தனித்தனியா வேணுமா?

பத்திரஎழுத்து

ஒரே வழக்கறிஞர் போதும், ஆனால் அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். “அப்பா சொல்றதுதான்” என்பது அவருடைய பதிலாகவே இருக்கலாம். அதை அப்பா அறையில் இல்லாதபோது அவர் சொல்லியிருக்க வேண்டும்.